மீட்டிங்கில் எதிரொலி, ஊளைச் சத்தம்: எந்த ஸ்பீக்கரும் எந்த மைக்கும் சேர்ந்து செய்கின்றன என்று கண்டுபிடிப்பது எப்படி

வீடியோ மீட்டிங்கில் நீங்கள் பேசியது கொஞ்சம் கழித்து உங்களுக்கே திரும்பக் கேட்கிறது என்றால், உடனே மைக்கைக் கழற்றி மாட்டுவது, ஹெட்செட்டை மாற்றுவது, கணினியை ரீஸ்டார்ட் செய்வது என்று இறங்காதீர்கள். கோளாறு அநேகமாக உங்களிடம் இல்லை. எதிரொலி யாருக்குக் கேட்கவில்லையோ அவர் இருக்கும் இடத்தில்தான் அது உண்டாகிறது.

ஏன் அப்படி என்றால், உங்கள் குரல் உங்கள் மைக்கில் புகுந்து, இணையம் வழியாகப் போய், இன்னொருவருடைய ஸ்பீக்கரில் வெளியே வருகிறது. அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே அவருடைய மைக் திறந்திருக்கிறது. ஸ்பீக்கரில் வந்த உங்கள் குரலை அந்த மைக் மறுபடி பிடித்து, ஏதோ அவரே பேசியதுபோல மீட்டிங்குக்குள் அனுப்பிவிடுகிறது. மீட்டிங் மென்பொருள் ஒருவருடைய மைக்கிலிருந்து வந்த சத்தத்தை அவருக்கே திருப்பிப் போடாது, மற்ற எல்லாருக்கும் போடும். ஆகவே உங்களுக்கும் மற்றவர்களுக்கும் உங்கள் குரல் இரண்டாவது முறை கேட்கும்; திருப்பி அனுப்பியவருக்கு மட்டும் எல்லாம் சுத்தமாக இருக்கும். "எனக்கு நல்லாத்தானே கேட்குது" என்று யார் சொல்கிறாரோ, அவர் பக்கம் முதலில் பாருங்கள்.

அப்படியானால் ஸ்பீக்கர் வைத்துப் பேசுகிற எல்லாரிடமிருந்தும் எதிரொலி வர வேண்டுமே, ஏன் வருவதில்லை? ஒவ்வொரு மீட்டிங் செயலிக்குள்ளும் எதிரொலி நீக்கி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கருக்கு என்ன அனுப்புகிறோமோ அதில் ஒரு பிரதியை அது வைத்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் அறையில் பட்டுத் தெறித்து மைக்குக்கு எவ்வளவு தாமதமாக, எந்த அளவில் வரும் என்று கணித்து, மைக்கில் வந்ததிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. மிச்சம் இருப்பது அங்கே இருப்பவரின் குரல் மட்டும். இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்யும், ஒரே ஒரு நிபந்தனையோடு: தான் ஸ்பீக்கருக்கு அனுப்பிய சத்தம் மட்டும்தான் அதற்குத் தெரியும். பக்கத்து மேசையில் இன்னொரு மடிக்கணினியிலிருந்து வருகிற சத்தத்தைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அதை உண்மையான மனிதக் குரல் என்று எடுத்துக்கொண்டு அப்படியே அனுப்பிவிடும்.

அதனால் நாம் தேடுவது ஒரு ஜோடியை. சத்தம் வெளியே வரும் ஒரு ஸ்பீக்கர், அதை உள்ளே இழுக்கும் ஒரு மைக். இரண்டும் ஒரே கருவியில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரும்பாலும் அப்படி இருக்காது என்பதுதான் இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரம் பிடிப்பதற்குக் காரணம்.

பேசியது ஒரே ஒரு முறை திரும்பி வருகிறது

நீங்கள் "வணக்கம்" என்றால் கால் விநாடியிலிருந்து ஒரு விநாடிக்குள் இன்னொரு "வணக்கம்" வருகிறது, அதோடு முடிந்துவிடுகிறது. இதுதான் அதிகம் வரும் அறிகுறி. எங்கோ ஓரிடத்தில் ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் இணைந்திருக்கின்றன, மற்ற இடங்களெல்லாம் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

யார் என்று பார்க்க எனக்குப் பிடித்த வழி, எல்லாரையும் மியூட் செய்யச் சொல்வதற்கு முன்னால், திரையைப் பார்ப்பது. எல்லாருடைய படமும் தெரிகிற மாதிரி கட்டங்களாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, "ஒன்று" என்று ஒரே ஒரு சொல்லைச் சற்று அழுத்தமாகச் சொல்லி, உடனே வாயை மூடிக்கொண்டு மூன்று விநாடி காத்திருங்கள். நீங்கள் பேசும்போது உங்கள் கட்டம் ஒளிரும், அது இயல்பு. நீங்கள் நிறுத்திய பிறகு எவருடைய கட்டம் ஒரு கணம் ஒளிர்ந்து அணைகிறதோ, அவருடைய மைக் வழியாகத்தான் உங்கள் குரல் திரும்பி வந்திருக்கிறது. அவர் வாயே திறக்கவில்லை என்பது படத்திலேயே தெரியும். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள், ஒவ்வொரு முறையும் அதே கட்டம் ஒளிர்ந்தால் ஆள் கிடைத்துவிட்டார். நீளமாகப் பேசிக்கொண்டே பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் உங்கள் குரலும் எதிரொலியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எல்லாக் கட்டங்களும் மாறி மாறி மின்னும். சொல் குட்டையாகவும் அமைதி நீளமாகவும் இருக்க வேண்டும்.

எதிரொலி மெலிதாக இருந்தால் கட்டம் ஒளிராமலே போகலாம். அப்போது மியூட் வழிதான். மீட்டிங் நடத்துபவர் பேசுகிறவரைத் தவிர எல்லாரையும் மியூட் செய்யட்டும். எதிரொலி நிற்க வேண்டும். பிறகு ஆட்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொருவராகவும், இருபது முப்பது பேர் இருந்தால் பாதிப் பாதியாகவும் மியூட்டை எடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பாதியைத் திறந்தபோது எதிரொலி வந்ததோ அதை மறுபடி இரண்டாகப் பிரியுங்கள். முப்பத்திரண்டு பேர் என்றாலும் ஐந்து தடவையில் ஒரே ஆளுக்கு வந்துவிடலாம்.

இந்தச் சோதனையில் எளிதாக நழுவுகிற இடம் ஒன்று உண்டு. சோதனைக்குப் பேசுகிறவரே கோளாறுக்குக் காரணமானவராக இருந்தால் எதிரொலி வரவே வராது, ஏனென்றால் அவருடைய குரலைத் திருப்பி அனுப்ப வேறு யாரும் இல்லை. "நான் பேசும்போது எல்லாருக்கும் நன்றாக இருக்கிறதே, அப்போ சரியாகிவிட்டது" என்று மீட்டிங்கைத் தொடர்ந்துவிடுவார்கள், அடுத்தவர் வாயைத் திறந்ததும் மறுபடி ஆரம்பிக்கும். ஆகவே குறைந்தது இரண்டு பேராவது மாறி மாறிப் பேசிப் பார்க்க வேண்டும். இன்னொன்று: எல்லாரையும் மியூட் செய்த பிறகும் எதிரொலி நிற்கவில்லை என்றால், பேசுகிறவர் தானே இரண்டு இடங்களில் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். கணினியில் ஒன்று, கைபேசியில் ஒன்று என்று இருக்கலாம், அல்லது பிரவுசரில் அதே மீட்டிங் இரண்டு டேப்களில் திறந்திருக்கலாம். பங்கேற்பாளர் பட்டியலில் அவர் பெயர் இரண்டு முறை இருக்கும்.

ஆள் தெரிந்தாயிற்று என்றால் வேலை பாதிதான் முடிந்தது. மைக் எது என்று தெரியும், எந்த ஸ்பீக்கர் அதற்குச் சத்தம் கொடுக்கிறது என்று இன்னும் தெரியாது. அவரிடம் மைக்கைத் திறந்தே வைத்துக்கொண்டு அதே கருவியின் ஸ்பீக்கரை மட்டும் சுத்தமாகப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள், பிறகு நீங்கள் "ஒன்று" சொல்லுங்கள். அவருக்கு நீங்கள் பேசுவது கேட்காது என்பதால் எப்போது திரும்ப ஏற்ற வேண்டும் என்று சாட்டில் எழுதிவிடுங்கள்.

எதிரொலி நின்றுவிட்டால் ஜோடி அவருடைய அதே கருவியின் ஸ்பீக்கரும் மைக்கும்தான். அங்கே எதிரொலி நீக்கி தன் வேலையைச் செய்யவில்லை. சத்தத்தை நிறைய ஏற்றி வைத்து ஸ்பீக்கர் இரைகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கர் தாங்காமல் கரகரத்தால், நீக்கி வைத்திருக்கும் பிரதிக்கும் உண்மையில் வெளிவரும் சத்தத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போய்விடும், கழித்தல் தோற்றுவிடும். பாதியளவுக்கு இறக்கினாலே பல சமயம் சரியாகிவிடும். அடுத்து, எதிரொலி நீக்கியையே யாராவது அணைத்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாட்டு வகுப்பு, வாத்திய வகுப்பு எடுப்பவர்கள் Zoom செயலியில் `Original sound for musicians` என்பதைப் போட்டு, அதற்குள் இருக்கும் `Echo cancellation` என்ற தேர்வை எடுத்துவிட்டிருப்பார்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளும்வரை அது சரி, ஸ்பீக்கரில் கேட்க ஆரம்பித்த நிமிடமே எதிரொலி வரும்.

ஸ்பீக்கரைப் பூஜ்யமாக்கியும் எதிரொலி நிற்கவில்லை என்றால்? அந்த மைக்குக்குச் சத்தம் வேறெங்கிருந்தோ வருகிறது. அறையில் இன்னொரு கருவி மீட்டிங்கில் இருக்கிறது, அல்லது சத்தம் காற்றில் வராமல் வயர் வழியாகவோ மென்பொருள் வழியாகவோ வருகிறது. இரண்டையும் கீழே பார்ப்போம்.

ஒன்று இரண்டாகி, நாலாகி, கடைசியில் ஊளையாகிறது

"ஹலோ" என்றால் "ஹலோ... ஹலோ... ஹலோ..." என்று திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் சத்தம் கூடுகிறது, சொல் உருக்குலைந்து ஏதோ ஒரு சுருதியில் ஊ என்று நீண்டு நிற்கிறது. இதற்கு ஒரு ஜோடி போதாது, சத்தம் சுற்றி வருவதற்கு ஒரு முழு வட்டம் வேண்டும். கிட்டத்தட்ட எப்போதும் காரணம் ஒன்றுதான்: ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே மீட்டிங்கில் சேர்ந்திருக்கின்றன, இரண்டிலும் சத்தம் திறந்திருக்கிறது. முதல் கருவியின் மைக்கில் புகுந்த குரல் சர்வருக்குப் போய் இரண்டாவது கருவியின் ஸ்பீக்கரில் வருகிறது, அதை முதல் கருவியின் மைக் மறுபடி பிடிக்கிறது, மறுபடி சர்வர், மறுபடி ஸ்பீக்கர்.

ஒரு சுற்று சுற்றி வரும்போது சத்தம் கொஞ்சமாவது கூடினால் ஊளை வளரும், குறைந்தால் தானாகவே தேய்ந்துவிடும். அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை ஸ்பீக்கர் அளவு, மைக்கின் உணர்திறன், இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. திறந்த வெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். சின்ன அறையில் சுவரில் பட்டுத் திரும்புவதும் சேர்வதால் அவ்வளவு குறையாது, அதனால்தான் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அறையின் மறு மூலைக்குப் போனாலும் ஊளை முழுதாக நிற்பதில்லை. எல்லாரும் பேச்சை நிறுத்தி அமைதியான பிறகு ஊளை எழும்புவதையும் கவனித்திருப்பீர்கள். மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் வசதி, யாரும் பேசவில்லை என்று நினைத்து மைக்கை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போய் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கிறது.

இங்கே ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. ஒரே ஒரு முறை திரும்பும் எதிரொலியில் கோளாறு உள்ள இடத்துக்காரருக்கு எதுவும் கேட்காது என்றேன். ஊளையில் அப்படியில்லை, அந்த அறையில் இருப்பவர்களுக்குத்தான் அது காதைக் கிழிக்கும், இணையத்தின் மறுபக்கம் இருப்பவர்களுக்கும் கேட்கும். ஊளை வரும்போது யார் சட்டென்று காதைப் பொத்துகிறார், யார் ஹெட்செட்டைப் பிடுங்குகிறார், யார் அறையில் மற்றவர்களைத் திரும்பிப் பார்க்கிறார் என்று வீடியோவில் பாருங்கள். ஓர் அறையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் வட்டம் அங்கேதான் இருக்கிறது.

சுற்றை வெட்டுவதற்கு அந்த அறையில் எந்த மைக்கை மியூட் செய்தாலும் ஊளை உடனே நிற்கும் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கருவிகள் இருந்தால் இரண்டு வட்டங்கள் இருக்கின்றன: முதல் மைக்கிலிருந்து இரண்டாவது ஸ்பீக்கருக்கு ஒன்று, இரண்டாவது மைக்கிலிருந்து முதல் ஸ்பீக்கருக்கு இன்னொன்று. ஒரு மைக்கை மூடினால் ஒரு வட்டம் போகும், மற்றது இருக்கும். எது ஊளையிடுகிறது என்று தெரிய, முதலில் ஒரு மைக்கை மூடிப் பாருங்கள், அது போதவில்லை என்றால் அதைத் திறந்து மற்றதை மூடுங்கள். எந்த மைக்கை மூடும்போது நிற்கிறதோ அந்த மைக்கும் *மற்ற* கருவியின் ஸ்பீக்கரும்தான் உங்கள் ஜோடி. இரண்டையும் மூடினால்தான் நிற்கிறது என்றால் இரண்டு வட்டங்களும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு மீட்டிங் அறை, அதில் இரண்டு கோளாறுகள்

எழுத்தில் தெளிவாக இருப்பது அறையில் குழம்பிவிடும், அதனால் ஒன்றை முழுதாகப் பார்ப்போம். ஓர் அறையில் மூன்று பேர். மேசை நடுவில் யூ.எஸ்.பி.யில் செருகிய வட்டமான ஸ்பீக்கர்போன், அது அறையின் பொது மடிக்கணினியோடு இணைந்திருக்கிறது. அந்தக் கணினியின் படம் எச்.டி.எம்.ஐ. வயர் வழியாகச் சுவரில் உள்ள டிவிக்குப் போகிறது. மூவரில் ஒருவர் ஆவணம் ஒன்றைப் பகிர்வதற்காகத் தன் சொந்த மடிக்கணினியிலும் மீட்டிங்கில் சேர்ந்து, பொறுப்பாக மைக்கை மியூட் செய்து வைத்திருக்கிறார். வெளியே இரண்டு பேர் தத்தம் வீட்டிலிருந்து, ஹெட்செட்டோடு.

வெளியே இருப்பவர்கள் இருவரும் சொல்வது: "நாங்கள் பேசினால் இரண்டு தடவை திரும்பி வருகிறது, முதலில் சத்தமாக, பின்னால் மெலிதாக." அறையில் இருப்பவர்கள்: "எங்களுக்குத் தெளிவாக இருக்கிறது." சரி, இடம் அறைதான். வெளியே இருப்பவர் "ஒன்று" என்று சொல்லி நிறுத்தும்போது அறையின் கட்டம் ஒளிர்கிறது, சொந்த மடிக்கணினியின் கட்டம் ஒளிரவில்லை. ஆகவே மைக் ஸ்பீக்கர்போனுடையது. இரண்டு எதிரொலிகள் வருகின்றன என்பதால் அந்த ஒரே மைக்குக்குள் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து சத்தம் நுழைகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சொந்த மடிக்கணினியின் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்கிறார்கள். அவர் "நான் மியூட்டில்தானே இருக்கிறேன்" என்கிறார். எல்லாரும் சொல்வது இதுதான், இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். மியூட் மூடுவது மைக்கை மட்டும், ஸ்பீக்கரை அல்ல. அவருடைய ஸ்பீக்கர் வெளியே இருப்பவர்களின் குரலை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது, மேசையில் இருக்கும் மைக் அதைப் பிடிக்கிறது, பொதுக் கணினியின் எதிரொலி நீக்கிக்கு அந்தச் சத்தம் யாருடையது என்று தெரியாது. அந்த ஸ்பீக்கரின் சத்தம் மெலிதாக இருப்பதால்தான் அது சுற்றிச் சுற்றி ஊளையாக வளரவில்லை. அவர் ஸ்பீக்கரை அணைத்ததும் மெலிதான இரண்டாவது எதிரொலி போய்விடுகிறது. முதல் ஜோடி: சொந்த மடிக்கணினியின் ஸ்பீக்கர், மேசை மைக்.

சத்தமான எதிரொலி இன்னும் இருக்கிறது. இப்போது பொதுக் கணினியில் மீட்டிங் செயலியின் ஆடியோ அமைப்பைத் திறந்து பார்க்கிறார்கள். மைக் இடத்தில் ஸ்பீக்கர்போன் பெயர் இருக்கிறது. ஸ்பீக்கர் இடத்தில் டிவியின் பெயர். எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகியபோது கணினி தானாகவே சத்தத்தை டிவிக்கு மாற்றிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. இது எதிரொலிக்கு நல்ல வாய்ப்பைக் கொடுக்கும் ஏற்பாடு. ஸ்பீக்கர்போனுக்குள்ளேயே ஓர் எதிரொலி நீக்கி இருக்கிறது, ஆனால் அது தன் சொந்த ஸ்பீக்கரில் வரும் சத்தத்தைத்தான் கழிக்கும். இப்போது அந்த ஸ்பீக்கருக்கு ஒன்றும் வரவில்லை. செயலிக்குள் இருக்கும் நீக்கிக்கு டிவிக்கு என்ன அனுப்பினோம் என்று தெரியும்தான், ஆனால் டிவி சத்தத்தை உடனே விடுவதில்லை, தன் பங்குக்குத் தாமதப்படுத்தி, பேஸ் கூட்டி, இடம் விரித்து என்று ஏதேதோ செய்துவிட்டு விடுகிறது. பிரதியும் நிஜமும் பொருந்தாமல் போகின்றன. ஸ்பீக்கர் இடத்திலும் ஸ்பீக்கர்போனையே தேர்ந்தெடுத்ததும் எதிரொலி நின்றுவிடுகிறது. இரண்டாவது ஜோடி: டிவி ஸ்பீக்கர், மேசை மைக்.

எல்லாம் சரியானபின் ஆவணத்தை விளக்கச் சொந்த மடிக்கணினிக்காரர் தன் மியூட்டை எடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஸ்பீக்கர் அணைந்திருக்கிறது, மைக் திறந்திருக்கிறது. அவர் குரல் சர்வருக்குப் போய் மேசை ஸ்பீக்கர்போனில் வருகிறது, அதை அவர் மைக் பிடிக்கிறது, மறுபடி போகிறது. ஊளை. அறையில் இருந்துகொண்டு சொந்தக் கணினியில் மீட்டிங்கில் சேர்கிறவர் மைக், ஸ்பீக்கர் இரண்டையுமே எடுக்காமல் சேர வேண்டும். Teams செயலியில் சேரும்போதே `Don't use audio` என்று இருக்கும், Meet இதற்கென்றே `Companion mode` வைத்திருக்கிறது, Zoom செயலியில் மைக் பொத்தானுக்குப் பக்கத்து அம்புக்குறியில் கணினி ஆடியோவை விட்டு வெளியேறும் தேர்வு உண்டு. விளக்குவதற்குப் பேச வேண்டுமென்றால் மேசை மைக்கிலேயே பேசலாம், அது அறை முழுக்கக் கேட்பதற்குத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஹெட்செட் போட்டிருக்கிறார், ஆனாலும் அவரிடமிருந்துதான் வருகிறது

முதலில், ஹெட்செட் உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். காதில் மாட்டியிருப்பார், செயலியோ இன்னும் மடிக்கணினியின் மைக்கைக் கேட்டுக்கொண்டிருக்கும். கண்டுபிடிப்பது எளிது, ஹெட்செட்டின் மைக்கை விரலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள்; பிறகு மடிக்கணினியின் விசைப்பலகைக்கு அருகே தட்டச் சொல்லுங்கள். எந்தத் தட்டு டம் என்று உங்களுக்குப் பெரிதாகக் கேட்கிறதோ அதுதான் செயலி கேட்கும் மைக்.

ஹெட்செட் மைக்தான் என்று உறுதியான பிறகும் எதிரொலி வந்தால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காதுப் பகுதியிலிருந்து சத்தம் கசிந்து மைக்குக்குப் போகிறது. பெரிய சத்தத்தில் கேட்பவர்களுக்கும், காதை முழுக்க மூடாத ஹெட்போன்களிலும் இது நடக்கும். இன்னொன்று வயருக்குள்ளேயே நடப்பது. 3.5 மி.மீ. ஜாக் வைத்த இயர்போனில் இடது காது, வலது காது, மைக் மூன்றுக்கும் தரைக்கம்பி ஒன்றுதான். வயர் மெலிதாகவோ ஜாக் அழுக்காகவோ தளர்ந்தோ இருந்தால் அந்தப் பொதுக் கம்பியில், காதுக்குப் போகும் சத்தத்தின் ஒரு துளி மைக் பக்கமும் ஏறிவிடும். காற்றே தேவையில்லை.

இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை போதும். இயர்போனை இணைத்தபடியே காதிலிருந்து கழற்றி, காதுப் பகுதிகள் இரண்டையும் கனமான துணியில் நன்றாகச் சுற்றி, மைக்கிலிருந்து வயர் போகும் தூரத்துக்கு விலக்கி வைக்கச் சொல்லுங்கள். எதிரொலி போய்விட்டால் அது கசிவு, சத்தத்தைக் குறைத்தால் தீரும். அதே அளவில் இருந்தால் வயருக்குள் கலக்கிறது. ஜாக்கைத் துடைத்து, கடைசிவரை அழுத்திச் செருகிப் பாருங்கள், அதற்கும் போகாவிட்டால் வேறு இயர்போன்தான் வழி. யூ.எஸ்.பி. ஹெட்செட்டில் இந்த வயர்க் கலப்பு அரிது, ஒலி எண்களாகத்தான் கணினிக்குப் போகிறது.

ஹெட்செட்டில் தன் குரல் துளியும் தாமதமில்லாமல் தன் காதிலேயே கேட்கிறது, மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை என்றால் அது எதிரொலியே அல்ல. கத்திப் பேசாமல் இருப்பதற்காகச் சில ஹெட்செட்டுகள் வேண்டுமென்றே அப்படிக் காட்டும், அதன் அமைப்பில் குறைத்துக்கொள்ளலாம்.

மீட்டிங்கில் சேர்வதற்கு முன்பே கீச்சென்று கத்துகிறது

இணையம் வழியாகச் சுற்றும் ஊளைக்கு வளர்வதற்கு நேரம் வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் கால் விநாடிக்கு மேல் ஆகிறதல்லவா. மைக்கைத் திறந்த மறு கணமே கீச்சென்று உச்சத்துக்குப் போனால் சத்தம் கணினிக்குள்ளேயே சுற்றுகிறது. உறுதிசெய்ய மீட்டிங்கை முழுதாக மூடிவிட்டு மைக் அருகே பேசிப் பாருங்கள். உங்கள் குரல் உங்கள் ஸ்பீக்கரில் வந்தால் அந்தக் கணினியில் மைக்கை நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஏதோ ஒன்று ஓடுகிறது.

விண்டோஸில் விண்டோஸ் விசையோடு R அழுத்தி இதை இடுங்கள்:

```
mmsys.cpl
```

`Recording` பக்கத்தில் உங்கள் மைக்கை இரண்டு முறை சொடுக்கி, `Listen` என்ற பக்கத்தில் `Listen to this device` என்பதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதே பட்டியலில் `Stereo Mix` என்று ஒன்று இருக்கலாம். அது கணினியில் ஓடும் எல்லாச் சத்தத்தையும் மைக் போலக் காட்டும் ஒரு வழி. மீட்டிங் செயலியில் மைக்காக அது தேர்வாகியிருந்தால், மற்றவர்களின் குரல்கள் அப்படியே அவர்களுக்குத் திரும்பும், ஸ்பீக்கரை மூடினாலும் நிற்காமல் போகலாம், ஏனென்றால் அந்தச் சத்தம் காற்றில் வரவே இல்லை.

லினக்ஸில் முன்பு எப்போதோ சோதனைக்காகப் போட்ட லூப்பேக் ஒன்று மிச்சம் இருக்கலாம். பட்டியலைப் பார்த்து, இருந்தால் எடுத்துவிடலாம்:

```
pactl list short modules | grep loopback
pactl unload-module module-loopback
```

நேரலைக்காக OBS வைத்திருப்பவர்கள் அதன் `Advanced Audio Properties` பகுதியில் மைக்குக்கு நேரே `Monitor and Output` என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், `Monitor Off` என்று மாற்றினால் போதும்.

எதிரொலி பல விநாடிகள் கழித்து வருகிறது

ஐந்து, பத்து விநாடி கழித்து முழு வாக்கியமே திரும்பி வந்தால், அந்த மைக்குப் பக்கத்து ஸ்பீக்கருக்கு உங்கள் குரல் மீட்டிங் வழியாகப் போகவில்லை. யாரோ ஒருவர் அதே நிகழ்ச்சியின் நேரலையை இன்னொரு டேப்பிலோ கைபேசியிலோ சத்தத்தோடு திறந்து வைத்திருக்கிறார். கட்டம் ஒளிரும் சோதனையில் அவரைப் பிடித்துவிடலாம், "ஒன்று" சொன்னபின் மூன்று விநாடிக்குப் பதிலாக அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் கொஞ்சம் வந்து நின்றுவிடுகிறது, அப்புறம் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது

எதிரொலி நீக்கி ஒவ்வொரு மீட்டிங்கிலும் அந்த அறையைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறது. முதல் சில விநாடிகள் கசிந்துவிட்டுப் பிறகு அடங்கினால் அது கற்றுக்கொண்டுவிட்டது, விட்டுவிடலாம். யாராவது மடிக்கணினியை நகர்த்தினால், திரையைச் சாய்த்தால், மைக்குக்கு முன்னால் கையை வைத்தால் சத்தம் வரும் பாதை மாறிவிடுகிறது, அது மறுபடி கற்கும்வரை மறுபடி கசியும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது மட்டும் வந்தால் அதுவும் இந்த வகைதான், எது ஸ்பீக்கர் சத்தம், எது மனிதக் குரல் என்று அந்த நேரத்தில் நீக்கியால் பிரித்தறிய முடிவதில்லை.

மீட்டிங் முழுக்க இப்படி வந்து வந்து போனால் புளூடூத் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். புளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும் என்பது மட்டுமல்ல, இணைப்பைப் பொறுத்து அந்தத் தாமதம் நடுவில் மாறவும் செய்யும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீக்கி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மடிக்கணினியின் மைக்கோடு தனி புளூடூத் ஸ்பீக்கரைச் சேர்த்து வைப்பதுதான் இதில் மோசமான ஜோடி. ஸ்பீக்கரை வயரில் இணைக்க முடிந்தால் இணைத்து, மைக்கிலிருந்து தள்ளி, அதன் முதுகு மைக்கைப் பார்க்கும்படி திருப்பி வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் எட்டிப் பார்த்தால் அந்த ஸ்பீக்கரைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொண்டு, மீட்டிங்குக்கு மடிக்கணினியில் உள்ள ஸ்பீக்கரையே தேர்ந்தெடுங்கள்.